மகப்பேற்று விடுமுறையின் பின் அலுவலகம் திரும்புதல்: மாறிய உடலுக்கு ஏற்ற உடையைக் குறைந்த செலவில் ஆயத்தப்படுத்தல்

பிரித்தானியாவில் சட்டப்படியான மகப்பேற்று விடுமுறை 52 வாரங்கள் வரை நீளலாம். ஆனால் சட்டப்படியான மகப்பேற்று ஊதியம் 39 வாரங்களுக்கு மட்டுமே கிடைக்கும். முழு விடுமுறையையும் எடுக்கும் தாய்மார் பலருக்கு இறுதி 13 வாரங்களில் வருமானமே இல்லை. அலுவலக உடைகளைப் பற்றி யோசிக்க வேண்டிய காலமும் அதே காலமாக அமைந்துவிடுகிறது. கையில் பணம் குறைவு. குழந்தை உறங்கும் நேரமே நமது நேரம். அலுமாரியில் உள்ள பழைய உடைகளோ பொருந்துவதில்லை. இந்த மூன்றையும் ஒருங்கே சமாளிக்கும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது. இடையிடையே தொடர்புடைய சட்ட உரிமைகளும் தரப்பட்டுள்ளன.

எடை குறைந்தும் பழைய உடை பொருந்தாதது ஏன்?

எடை பார்க்கும் கருவி பழைய எண்ணைக் காட்டிய பின்பும் பழைய காற்சட்டையின் பொத்தானைப் பூட்ட முடியாதிருப்பது பொதுவான அனுபவம். கர்ப்ப காலத்தில் விலா எலும்புக்கூடும் இடுப்பும் சற்று விரிவடைகின்றன. வயிற்றின் நடுவே உள்ள இரு தசைகளும் ஒன்றைவிட்டொன்று விலகுகின்றன. இவை ஒவ்வொன்றும் தனித்தனி வேகத்தில் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. சில முற்றாகத் திரும்புவதுமில்லை. சிலருக்குப் பாத அளவும் கூடிவிடுகிறது. ஆகவே உடை தெரிவுக்கு எடைக் கருவியைவிட அளவு நாடாவே சிறந்த வழிகாட்டி.

மார்பு, இடை, இடுப்பு ஆகிய மூன்று அளவுகளையும் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பாலூட்டுபவர்கள் மார்பளவைப் பால் கொடுப்பதற்கு முன்னரும் பின்னரும் எடுக்க வேண்டும். இரண்டும் வேறுபடும், பெரிய அளவுக்கே மேற்சட்டை பொருந்த வேண்டும். இடையளவை நின்றபடியும் கதிரையில் அமர்ந்தபடியும் எடுங்கள். அலுவலகத்தில் நாளின் பெரும்பகுதி அமர்ந்தே கழிவதால், அமர்ந்திருக்கும்போது எடுத்த அளவே காற்சட்டைக்கும் பாவாடைக்கும் உரியது. சத்திரசிகிச்சை மூலம் குழந்தை பெற்றவர்கள், இடைப்பட்டி தழும்பின் மேல் அழுந்துகிறதா என்பதை அரை மணி நேரமாவது அமர்ந்து பார்த்தே அறியலாம். பட்டி தழும்புக்கு நன்கு மேலே அமையும் உயர்ந்த இடைக் காற்சட்டை பெரும்பாலானோருக்கு வசதியானது.

உடையால் தீராத சில குறிகளும் உண்டு. குழந்தை பிறந்து எட்டு வாரங்கள் கடந்த பின்னும் வயிற்றின் நடுவே இடைவெளி தெரிந்தால், இருமும்போது அல்லது தும்மும்போது சிறுநீர் கசிந்தால், தழும்பு சிவந்து வலித்தால் குடும்ப மருத்துவரிடம் கூறுங்கள். இயன்மருத்துவப் பயிற்சியால் இவற்றுட் பல சீராகும். பெரிய உடைக்குள் மறைத்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியவை அல்ல இவை.

வாங்குவதற்கு முன் வீட்டில் உள்ளவை

முதலில் அலுமாரியில் உள்ளவற்றை மூன்று பிரிவாக்குங்கள்: இன்றே பொருந்துபவை, சிறு திருத்தத்தால் பொருந்தக்கூடியவை, இப்போதைக்குப் பொருந்தாதவை. மூன்றாம் பிரிவைப் பெட்டியில் இட்டுக் கண்ணுக்கு எட்டாமல் வைத்துவிடலாம். ஆறு மாதங்களின் பின் மீண்டும் பார்த்தால் போதும்.

திருத்தத்துக்கு மிகவும் இடங்கொடுப்பவை நம்மவர் உடைகளே. தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சுரிதார் மேற்சட்டைகளிலும் சேலைச் சட்டைகளிலும் பக்கத் தையலின் உள்ளே உபரித் துணி விடப்பட்டிருக்கும். உட்புறம் திருப்பிப் பார்த்தால் அது தெரியும். ஒவ்வொரு பக்கத்திலும் அரை அங்குலம் பிரித்துத் தைத்தாலே, முன்துணியிலும் பின்துணியிலுமாகச் சுற்றளவில் இரண்டு அங்குலம் கூடும். நீண்ட நாள் அணிந்த உடையில் பழைய தையற்கோடு வெளியே தெரியக்கூடும். கோலமிட்ட துணியில் அது புலப்படாது. கடைகளில் ஆயத்தமாக விற்கப்படும் பெண்களுக்கான காற்சட்டைகளில் உபரித் துணி மிகக் குறைவு. அவற்றை விரிக்கப் பணம் செலவிடுவதில் பயனில்லை. கர்ப்ப காலத்தில் அணிந்த கறுப்புக் காற்சட்டை இருந்தால், நீண்ட மேற்சட்டையின் கீழ் அதை இன்னும் சில மாதங்கள் தயக்கமின்றி அணியலாம்.

பாலூட்டுபவர்கள் கவனிக்க வேண்டியவை மேலும் மூன்று. முதலாவது, உடை முன்புறம் திறக்க வேண்டும் அல்லது மேற்சட்டை தனியாக இருக்க வேண்டும். முதுகுப்புறம் சிப் வைத்த முழு உடையை அணிந்து சென்றால், பால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் உடை முழுவதையும் களைய நேரிடும். இரண்டாவது, வெளிர் நிறத்து வெறுந்துணியில் பாற்கசிவு உடனே தெரியும். அடர்நிறமும் கோலமும் அதை மறைக்கும். மூன்றாவது, இறுக்கமான பிரா பால் நாளங்களை அழுத்தி மார்பழற்சிக்கு வழிவகுக்கக்கூடும். ஆகவே செலவைச் சுருக்கும்போதும் பொருத்தமான பாலூட்டும் பிராவில் சுருக்க வேண்டாம்.

70 பவுணுக்குள் ஒரு கணக்கு

வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்கள் கணக்கியல் பிரிவில் பணிபுரியத் திரும்பும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு பத்து மாதம், இன்னும் பாலூட்டுகிறார். உடைக்கென ஒதுக்கக்கூடியது 70 பவுண். கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை; உங்கள் பகுதியில் சற்றுக் கூடலாம், குறையலாம்.

அவரிடம் இருப்பவை: கர்ப்ப காலக் கறுப்புக் காற்சட்டை ஒன்று, நீல நிறக் கார்டிகன் ஒன்று, மார்பில் இறுகும் சுரிதார் மேற்சட்டைகள் இரண்டு. மேற்சட்டைகள் இரண்டையும் பிரித்துத் தைக்க 12 பவுண். சாரிற்றி கடையில் பின்பக்கம் இலாஸ்டிக் உள்ள கருநீலக் காற்சட்டை ஒன்று 8 பவுண். அங்கேயே முன்புறம் பொத்தான் உள்ள கோலமிட்ட மேற்சட்டைகள் இரண்டு 10 பவுண். பாலூட்டும் பிரா இரண்டு 30 பவுண். துவைத்துப் பயன்படுத்தும் மார்புத் துணிகள் 6 பவுண். மொத்தம் 66 பவுண்.

இப்போது அவரிடம் இரண்டு காற்சட்டைகளும் நான்கு மேற்சட்டைகளும் உள்ளன. நான்கு மேற்சட்டைகளும் இரண்டு காற்சட்டைகளோடும் இணங்கினால் எட்டுச் சேர்க்கைகள் கிடைக்கும். வாரத்தில் மூன்று நாள் வேலைக்கு இது இரண்டு வாரங்களுக்கு மேல் போதும். இணங்க வேண்டும் என்பதே இங்கு நிபந்தனை. ஒரே ஒரு காற்சட்டையோடு மட்டும் பொருந்தும் அழகான மேற்சட்டை, விலை குறைவாயினும் இந்தக் கணக்கைக் குலைத்துவிடும். வீட்டில் உள்ள பழைய அடர்நிற மேற்சட்டை ஒன்று அலுவலக மேசை அறைக்குள் மாற்றுடையாக இருக்கட்டும்.

துவைப்பையும் கணக்கில் சேருங்கள். இயந்திரத்தில் துவைக்கக்கூடாத, இஸ்திரி போட்டே தீர வேண்டிய துணியை வாங்கினால், பணத்தில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் இழப்பீர்கள். முதல் நாள் இரவே அடுத்த நாள் உடையை ஒன்றாகத் தொங்கவிடுங்கள். காலையில் குழந்தையைத் தயார்ப்படுத்தி முடியும்வரை அதன் மேல் தளர்வான வீட்டு அங்கி ஒன்றை அணிந்து, கதவைத் திறக்கும் முன் கழற்றிவிடலாம். குழந்தை கக்கும் பால் அங்கியோடு போய்விடும்.

பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாமா?

உடலளவு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் இது முக்கியமான கேள்வி. கடைக்கு நேரில் சென்று வாங்கிய உடை, பழுதற்றதாயின், அளவு பொருந்தவில்லை என்ற காரணத்துக்காகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் சட்ட உரிமை இல்லை. பல கடைகள் தாமாக முன்வந்து ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் காலவரையறை கடைக்குக் கடை வேறுபடும். பணம் செலுத்துமுன் கேட்டறியுங்கள். பற்றுச்சீட்டையும் விலைச்சீட்டையும் வைத்திருங்கள்.

இணையவழியாக ஒரு வணிக நிறுவனத்திடம் வாங்கினால் நிலை வேறு. பொருள் கையில் கிடைத்ததிலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே கொள்வனவை இரத்துச் செய்யலாம். அறிவித்ததிலிருந்து மேலும் 14 நாட்களுக்குள் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அணிந்து அளவு பார்க்கலாம். அணிந்து வேலைக்குச் செல்லக்கூடாது. உங்கள் அளவுக்குத் தைப்பித்த உடைகளுக்கு இந்த உரிமை இல்லை. இணையத்தில் பழைய உடையை விற்கும் தனிநபரிடம் வாங்கும்போதும் இது பொருந்தாது. ஆகவே அளவு நிச்சயமில்லாத காற்சட்டையை நிறுவனத்திடமும், அளவு தளர்வாக இருந்தாலும் பாதகமில்லாத மேற்சட்டையைத் தனிநபரிடமும் வாங்குவது பாதுகாப்பானது.

தொழில் வழங்குநரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

சீருடை அணியும் வேலையாயின், புதிய அளவை எழுத்தில் அறிவித்து, திரும்பும் நாளுக்குமுன் கிடைக்குமாறு கேளுங்கள். சீருடைக்காகவோ, கறுப்புக் காற்சட்டை போன்று வேலைக்கெனக் குறிப்பிட்டு வாங்கச் சொல்லும் உடைக்காகவோ நீங்கள் செலவிடும் தொகை, குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் ஊதியக் குறைப்பாகவே கொள்ளப்படும். அதனால் உங்கள் ஊதியம் தேசிய குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே செல்லக்கூடாது. குறைந்த ஊதியம் பெறுபவர்களுக்கு இது கணிசமான பாதுகாப்பு.

பாலூட்டுவதையும் எழுத்தில் அறிவியுங்கள். பாலூட்டும் தாய்மார் ஓய்வெடுக்கத் தகுந்த இடத்தைத் தொழில் வழங்குநர் தர வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டுப் பணியிட ஒழுங்குவிதிகளில் உள்ள கடமை. பால் எடுப்பதற்குக் கழிப்பறை தகுந்த இடமன்று. எடுத்த பாலைப் பனிக்கட்டிப் பொதிகள் வைத்த குளிர்ப்பையில் 24 மணி நேரம் வரை பாதுகாக்கலாம். ஆகவே அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லாவிட்டாலும் வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடியும்.

விடுமுறை முடிவடையும் முன், இரு தரப்பும் உடன்பட்டால், ‘கீப்பிங் இன் ரச்’ எனப்படும் தொடர்பு நாட்களாகப் பத்து நாட்கள் வரை வேலை செய்யலாம். இதற்கு எவரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தாலும் அது ஒரு நாளாகவே கணக்கிடப்படும். ஆகவே முழு நாளாக எடுப்பதே இலாபம். எவ்வளவு ஊதியம் என்பதை முன்னரே எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மேற்கூறிய தாய் வேலைக்குத் திரும்புவதற்கு மூன்று வாரங்கள் முன்னதாக அவ்வாறான ஒரு நாளை எடுத்துக்கொள்கிறார் என வைப்போம். அன்று ஒரு முழு வேலைநாளை அந்த உடையிலேயே கழிக்கிறார். எத்தனை மணிக்கு மார்பு கனக்கிறது, எந்த மேற்சட்டையில் கசிவு தெரிகிறது, மூன்றாவது மணி நேரத்தில் இடைப்பட்டி எங்கே அழுந்துகிறது என்பவை அன்று தெரியவரும். தையற்காரரிடம் மீண்டும் செல்லவும், இணையத்தில் வாங்கியதைத் திருப்பி அனுப்பவும் அப்போது நேரம் உண்டு. வருமானமற்ற 13 வாரங்களுள் அந்த நாள் அமைந்தால், அதன் ஊதியமே உடைச் செலவுக்கு உதவும்.

தொழில் வழங்குநர் இவற்றை மறுத்தால் அகாஸ் உதவி இணைப்பை 0300 123 1100 என்ற எண்ணில் இலவச ஆலோசனைக்கு அழைக்கலாம். அழைக்குமுன் நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியையும் அனுப்பிய திகதியையும் அருகில் வைத்திருங்கள்.