பங்கு ஒதுக்கீட்டுப் படிவம் சொல்லும் கதை

ஒரு ஸ்டார்ட்அப் எவ்வளவு பணம் திரட்டியது, அதற்கு எவ்வளவு பங்கைக் கொடுத்தது என்பதைச் செய்திக் குறிப்பை விட அரசுப் பதிவேடு துல்லியமாகச் சொல்லும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்சிஏ தளத்தில் கம்பெனியின் பெயரைத் தேடினால் 21 எழுத்துகள் கொண்ட அடையாள எண் கிடைக்கும். அதன் நடுவில் TN2021PTC என்றிருந்தால், தமிழ்நாட்டில் 2021இல் பதிவான பிரைவேட் லிமிடெட் என்று பொருள்.

கட்டணம் செலுத்தி ஆவணங்களைத் திறந்ததும் PAS-3 என்ற படிவத்தைத் தேடுங்கள். புதிய பங்குகள் ஒதுக்கப்படும்போதெல்லாம் இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். வாங்கியவர் பட்டியலும் கூடவே இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கு: நிறுவனர்களிடம் 10,000 பங்குகள். முதலீட்டாளருக்கு 1,000 முன்னுரிமைப் பங்குகள். முகமதிப்பு 10 ரூபாய், பிரீமியம் 19,990. ஆக, வந்தது 2 கோடி. மொத்தம் 11,000 பங்குகள் என்பதால் முதலீட்டாளரின் பங்கு சுமார் 9.1 சதவீதம், கம்பெனியின் மதிப்பு 22 கோடி.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அந்த முன்னுரிமைப் பங்கு ஒன்றுக்கு ஒன்று என்றே சாதாரணப் பங்காக மாறும் என்ற உறுதி இல்லை. மாற்று விகிதத்தை MGT-14 படிவத்துடன் இணைத்த தீர்மானத்தில் பார்க்க வேண்டும். ஊழியர்களுக்கென ஒதுக்கிவைத்த பங்குகளையும் கூட்டினால் சதவீதம் இன்னும் குறையும். பழைய முதலீட்டாளர் தன் பங்கை வேறொருவருக்கு விற்றிருந்தால் PAS-3இல் அதன் சுவடே தெரியாது. ஆண்டறிக்கைப் படிவம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.