கணக்கு எண் மாறுகிறது: வாடிக்கையாளருக்கு எப்படிச் சொல்வது?

நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயரையும் நிரப்பச் சொல்கிறார்கள். ஆனால் பணம் போய்ச் சேர்வது கணக்கு எண்ணை வைத்துத்தான். பெயர் சரியாக இருந்து எண் வேறொருவருடையதாக இருந்தால், அந்த வேறொருவருக்கே பணம் போய்விடும். பில் தொகையைக் களவாடுகிறவர்கள் பல ஆண்டுகளாகப் பிழைப்பு நடத்தியது இந்த இடைவெளியில்தான். பணம் அனுப்புமுன் கணக்குக்கு உரியவர் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்ட பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது.

பெயர் தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசாஸ்கஸ், தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் இன்னொரு கம்பெனியைப் பதிவு செய்தார். அதன் பெயரில் வங்கிக் கணக்குகளைத் திறந்தார். குவான்டாவுக்குச் சேர வேண்டிய பணத்தை அந்தக் கணக்குகளுக்கு அனுப்பச் சொல்லி கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் மின்னஞ்சல்களும் போலி பில்களும் போயின. 2013 முதல் 2015 வரை போன தொகை 12 கோடி டாலருக்கும் மேல். 2019-இல் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. பெயரை ஒப்பிட்டுப் பார்த்திருந்தாலும் அது பொருந்தியே இருந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், நேர்மையான நிறுவனங்களும் கணக்கை மாற்ற வேண்டித்தான் வருகிறது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடன் இணைந்தது. அதில் கணக்கு வைத்திருந்த வியாபாரிகள் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியதைத் தங்கள் பார்ட்டிகளுக்கெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. அப்படி உண்மையாக எழுதும் கடிதமும் திருடன் எழுதும் கடிதமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதே லெட்டர்ஹெட், அதே முத்திரை, இணைப்பில் ஒரு கேன்சல்டு செக்கின் படம். செக்கின் படத்தில் எண்ணை மாற்றுவது இன்று பத்து நிமிட வேலை. ஆகவே நம் கடிதத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும், அதைக் கொண்டே அது உண்மை என்று நிரூபிக்க முடியாது. வாடிக்கையாளர் அந்தக் கடிதத்துக்கு வெளியே போய்ச் சரிபார்க்க நாம்தான் வழி செய்து கொடுக்க வேண்டும்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். கடன் வசதிக்காக வேறு வங்கிக்கு மாறுகிறார்கள். மதுரையிலுள்ள ஒரு டீலர் 4,86,000 ரூபாய் பாக்கி தர வேண்டும். பட்டறை முதலில் அனுப்பும் கடிதத்தில் புதிய கணக்கு எண் இருக்கவே கூடாது. அது இப்படி இருந்தால் போதும்:

“அடுத்த மாதம் முதல் எங்கள் வங்கிக் கணக்கு மாறுகிறது. புதிய எண்ணை இந்தக் கடிதத்தில் தரவில்லை. உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் பழைய பில்லில் அச்சாகியிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, எங்கள் கணக்குப் பிரிவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதியோ, இனி வரும் வேறு எண்களுக்கு அழைத்தோ உறுதி செய்ய வேண்டாம். சரிபார்த்து முடிக்கும் வரை பழைய கணக்குக்கே பணம் அனுப்பலாம். அது மூடப்படவில்லை. அவசரம் எதுவும் இல்லை.”

இதில் கடைசி இரண்டு வரிகளைத் திருடனால் எழுத முடியாது. பழைய கணக்குக்குப் பணம் போனால் அவனுக்கு ஒரு பைசாவும் வராது. அதனால்தான் போலிக் கடிதங்களில் பெரும்பாலும் “பழைய கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இன்றே புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்” என்ற அவசரம் இருக்கும். பழைய கணக்கை மூன்று மாதமாவது திறந்து வைத்திருப்பது நமக்குச் சிறு செலவு. ஆனால் வாடிக்கையாளருக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை என்பேன்.

பதில் எழுதி உறுதி செய்ய வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. மின்னஞ்சல் முகவரியில் m என்ற எழுத்துக்குப் பதில் r, n இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. அதைவிட மோசம், பட்டறையின் அஞ்சல் பெட்டிக்குள்ளேயே திருடன் நுழைந்திருப்பது. அப்போது முகவரி நூறு சதவீதம் உண்மையானது. டீலர் “இது நீங்கள்தானா?” என்று கேட்டால், “ஆமாம்” என்று பதில் எழுதுவதும் திருடன்தான்.

இனி, தொலைபேசி. டீலரின் கணக்கரே அழைக்க வேண்டும். பட்டறையிலிருந்து அழைப்பு வந்தால் அது கணக்கில் சேராது. பேச்சின் போக்கிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது.

“அக்கா, வேற யாராச்சும் எண்ணை மெயில்ல அனுப்பியிருந்தாலும் நான் அதைப் படிக்க மாட்டேன். நீங்களே முழுசா சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

“சரிங்க தம்பி, எழுதிக்குங்க. எழுதினதைத் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க.”

டீலர் எண்ணைப் படித்து, பட்டறைக்காரர் “ஆமாங்க, ஆமாங்க” என்று சொன்னால், வேலை மும்முரத்தில் தவறான எண்ணுக்கும் ஆமாம் போட்டுவிடுவார்கள். எண் எப்போதும் உரியவர் வாயிலிருந்து வர வேண்டும்.

அடுத்து சோதனைப் பணம். டீலர் 17 ரூபாய் 40 பைசா போல ஒரு தொகையை அனுப்பி, எவ்வளவு வந்தது என்று சொல்லாமல் கேட்கிறார். பலர் இந்த ஒன்றே போதும் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. கணக்கு திருடனுடையது என்றால் அவனுக்கும் 17.40 வந்திருக்கும், அவனும் சரியாகவே சொல்வான். பழைய பில்லில் உள்ள எண்ணை அழைத்து, மறுமுனையில் இருப்பவரிடமிருந்து அந்தத் தொகையைக் கேட்டு வாங்கினால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு. அதன் பிறகு 4,86,000 அனுப்பலாம். அனுப்பும்போது திரையில் வரும் பெயரையும் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

பெரிய கம்பெனிகள் வாடிக்கையாளராக இருந்தால் நம் கடிதம் அங்கே நகராது. சப்ளையர் பதிவை மாற்ற அவர்களுக்கென்று தனிப் படிவமும், வங்கி கையொப்பமிட்ட சான்றும் கேட்பார்கள். சலிப்பாக இருந்தாலும் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்தக் கெடுபிடி நம் பணத்தையும் சேர்த்தே காக்கிறது.

பட்டறைக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து, யார் அழைத்தார்கள், எந்தத் தேதி, யார் பேசியது, சோதனைப் பணம் வந்ததா என்று எழுதி வர வேண்டும். மூன்று மாத முடிவில் ஒருவர் பெயருக்கு நேராக எதுவும் இல்லை, பழைய கணக்கிலும் அவர் பணம் வரவில்லை, அவரோ கட்டிவிட்டதாகச் சொல்கிறார் என்றால், அவர் கையில் வேறொரு கடிதம் இருக்கக்கூடும்.

அப்படித் தெரிந்த நிமிடமே பணம் அனுப்பியவர் தன் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அழைக்க வேண்டும். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். திருடியவர்கள் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். துண்டு துண்டாகப் பல கணக்குகளுக்கு மாற்றிவிடுவார்கள். எடுக்கப்படாமல் எங்காவது மீதி இருந்தால் அதைத்தான் முடக்கி வைக்க முடியும். அழைக்கும்போது பரிமாற்றத்தின் யுடிஆர் எண், பணம் போன கணக்கு எண், தொகை, நேரம் இவை கையில் இருக்க வேண்டும். வந்த போலி மின்னஞ்சலை அழித்துவிடக் கூடாது, அது விசாரணைக்குத் தேவைப்படும்.