கண் முகாம் போஸ்டர்: கண் மங்கியவருக்குத் தெரிய எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

உங்கள் குடியிருப்போர் சங்கமோ, ஊர்க் கோயில் கமிட்டியோ முதியவர்களுக்காக இலவச கண் பரிசோதனை முகாம் நடத்துகிறது. "நீதான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறியே, ஒரு போஸ்டர் போட்டுக் கொடு" என்று பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. மொபைலிலேயே டிசைன் செய்து, குரூப்பில் போட்டு, நாலு பேர் 'சூப்பர்' சொன்னதும் பிரின்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதை 'சூப்பர்' என்று சொன்னவர்கள் எல்லாருமே கண் நன்றாகத் தெரிகிறவர்கள். முகாமுக்கு வர வேண்டியவரோ, அந்தப் போஸ்டருக்கு முன்னால் நின்றாலும் அதைப் படிக்க முடியாதவர்.

அவருக்கு எவ்வளவு தெரியும்?

கண் டாக்டரிடம் போனால் 6 மீட்டர் தள்ளி உட்கார வைத்து, சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்வார்கள். நல்ல பார்வையை 6/6 என்று எழுதுவார்கள். மேலே இருக்கும் பெரிய எழுத்து மட்டும்தான் தெரிகிறது என்றால் அது 6/60. சாதாரணக் கண் 60 மீட்டரில் பார்ப்பதை, இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்க்க முடியும் என்று அர்த்தம். கண்புரை முற்றியவர்கள் பலர் இந்த நிலையில் இருப்பார்கள். அவ்வளவு முற்றாமல், "கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு" என்று சொல்பவர்களுக்கு 6/18 அளவில் இருக்கலாம்.

இந்த எண்களை வைத்தே போஸ்டர் எழுத்தின் உயரத்தைக் கணக்கிடலாம். 6/60 பார்வை உள்ளவர் ஒரு மீட்டர் தள்ளி நின்றால், தட்டுத் தடுமாறிப் படிக்கவே எழுத்து சுமார் ஒன்றரை செ.மீ. உயரம் இருக்க வேண்டும். சிரமமில்லாமல் படிக்க அதைப்போல இரண்டு மடங்கு தேவை. அதாவது 3 செ.மீ. அதே 3 செ.மீ. எழுத்தை, 6/18 பார்வை உள்ளவர் 3 மீட்டர் தள்ளி நின்றும் படித்துவிடுவார்.

ஆக, ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். போஸ்டரில் மிகச் சிறிய எழுத்தே 3 செ.மீ. இருக்கட்டும்.

இரண்டு மடங்கு எதற்கு? தமிழ் எழுத்துகளை நினைத்துப் பாருங்கள். 'ண', 'ஞ', 'னை' எல்லாம் சுழிகள் நிறைந்தவை. மங்கலான கண்ணுக்கு அந்தச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மெல்லிய ஃபான்ட் என்றால் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளிதான். அதனால் தடித்த, அலங்காரமில்லாத ஃபான்ட் நல்லது.

இன்னொன்று, ஃபான்ட் சைஸ் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். அதில் மேலும் கீழும் வரும் கொம்புகளுக்கான இடமும் சேர்ந்திருக்கும். ஒரு வரியை அசல் அளவில் பிரின்ட் எடுத்து, 'க' எழுத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள்.

அப்படியானால் எத்தனை வரி எழுதலாம்?

இரண்டுக்கு மூன்று அடி ஃப்ளெக்ஸ் என்றால், சுமார் 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம். 3 செ.மீ. எழுத்துக்கு இடைவெளியோடு ஒரு வரிக்கு 6 செ.மீ. போகும். மேலும் கீழும் ஓரம் விட்டால் மிஞ்சுவது 13 வரி. ஒரு வரிக்குச் சுமார் 14 எழுத்துதான் பிடிக்கும்.

வழக்கமான போஸ்டரை இந்த அளவில் எழுதிப் பார்த்தால், 'மாபெரும்', 'பொதுமக்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு', 'அனைவரும் வருக', தலைவர்கள் படம், நன்கொடையாளர் பெயர் என்று பாதி இடம் போய்விடும். பாட்டி தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: என்னைக்கு, எங்கே, காசு ஆகுமா, ஆபரேஷன்னா யாரு கூட்டிட்டுப் போவாங்க? அதை மட்டும் எழுதினால் இப்படி வரும். முதல் வரி மட்டும் இரண்டு மடங்கு பெரிது. அது இரண்டு வரி இடத்தை எடுத்துக்கொள்ளும்.

கண் மங்குதா?
இலவச கண் பரிசோதனை
ஞாயிறு, 14ஆம் தேதி
காலை 8 – பகல் 12 மணி
அரசு தொடக்கப் பள்ளி
பஸ் ஸ்டாண்ட் எதிரில்
புரை ஆபரேஷன், பஸ்,
சாப்பாடு – இலவசம்
ஆதார், மாத்திரை,
கண்ணாடி கொண்டு வாங்க
துணைக்கு ஒருவர் வரட்டும்
போன்: (பேசுபவரின் எண்)

இதில் அதிக வேலை செய்வது 'புரை ஆபரேஷன், பஸ், சாப்பாடு – இலவசம்' என்ற வரிகள்தான். 'பரிசோதனை இலவசம்' என்று மட்டும் போட்டால், "ஆபரேஷனுக்குக் காசு கேட்பாங்களோ" என்ற பயத்திலேயே பலர் வர மாட்டார்கள். தமிழ்நாட்டில் பெரிய கண் மருத்துவமனைகள் நடத்தும் முகாம்களில், புரை உள்ளவர்களை பஸ்ஸில் அழைத்துப்போய், தங்க வைத்து, ஆபரேஷன் முடிந்து திரும்பக் கொண்டுவந்து விடும் வழக்கம் உண்டு. ஆனால் எல்லா முகாமிலும் அப்படி இருக்காது. உங்கள் முகாமுக்கு வரும் மருத்துவமனையிடம் எது எது இலவசம் என்று கேட்டு, உறுதியான பிறகே அந்த வரிகளைப் போடுங்கள்.

துணைக்கு ஆள் எதற்கு? பரிசோதனையின்போது கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அதன்பிறகு சில மணி நேரம் வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். தனியாக ரோட்டைக் கடந்து வீடு திரும்புவது சிரமம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் கொண்டுவரச் சொல்வது, ஆபரேஷனுக்கு முன் அவை கட்டுக்குள் இருக்கின்றனவா என்று டாக்டர் பார்க்க வேண்டும் என்பதால்.

என்ன கலர் போடலாம்?

புரை விழுந்த கண், மஞ்சளேறிய கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. நீலமும் ஊதாவும் மங்கிவிடும். நீலப் பின்னணியில் ஊதா எழுத்து, கருப்பில் சிவப்பு எழுத்து எல்லாம் மொபைலில் அழகாக இருக்கும். சுவரில் அவருக்குத் தெரியாது. புரையில் வெளிச்சம் சிதறுவதால் பளிச்சென்ற வெள்ளைப் பின்னணியும் கண்ணைக் கூசவைக்கும். கருப்பில் மஞ்சள் எழுத்து, அல்லது மஞ்சளில் கருப்பு எழுத்து பாதுகாப்பான தேர்வு. எழுத்துக்குப் பின்னால் போட்டோ வேண்டவே வேண்டாம். பளபளப்பில்லாத மேட் ஃப்ளெக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

எங்கே கட்டலாம்?

நம் கணக்கில் 6/60 பார்வை உள்ளவர் ஒரு மீட்டர் தூரத்தில் நிற்கிறார். போஸ்டரை லைட் கம்பத்தின் உச்சியிலோ, சாக்கடைக்கு அந்தப் பக்கமோ கட்டினால் அந்தக் கணக்கே போச்சு. ரேஷன் கடை, டீக்கடை, பஸ் நிறுத்தம், கோயில் வாசல் போல அவர்கள் கொஞ்ச நேரம் நிற்கும் இடத்தில், நெஞ்சிலிருந்து கண் உயரத்துக்குள், பக்கத்தில் போய்ப் பார்க்க முடிகிற மாதிரிக் கட்டுங்கள்.

இந்தப் போஸ்டர் யாரை விட்டுவிடும்?

'கண் மங்குதா?' என்று கேட்டால் புரை உள்ளவர் திரும்பிப் பார்ப்பார். கண் நீர் அழுத்த நோயோ, சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்போ ஆரம்பத்தில் இருப்பவருக்கு எதுவுமே மங்காது. "எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது" என்று நகர்ந்துவிடுவார். உங்கள் முகாமில் அந்தப் பரிசோதனைகளும் உண்டு என்றால், 'சர்க்கரை இருக்கா? வாங்க' என்ற பெரிய எழுத்தில் இன்னொரு போஸ்டர் தனியாகப் போடுங்கள். இதே போஸ்டரில் திணித்தால் எல்லா எழுத்தும் சின்னதாகிவிடும்.

பிரின்டுக்கு முன் ஒரு டெஸ்ட்

6/60 பார்வைக்கு ஒரு மீட்டரில் தெரிவது, நல்ல கண்ணுக்கு 10 மீட்டரில் தெரிவதற்குச் சமம். எனவே ஒரு வரியை அசல் அளவில் பிரின்ட் எடுத்து, தெருவில் ஒட்டி, 10 மீட்டர் தள்ளி, அதாவது சாதாரண நடையில் சுமார் 14 அடி எடுத்துவைத்துப் போய் நின்று படியுங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் எழுத்து போதாது. இதிலும் புரையின் கூச்சம் உங்களுக்குத் தெரியாது. ஆகவே 10 மீட்டரில் சுலபமாகப் படிக்க முடிவது குறைந்தபட்ச அளவுதான். அதற்குப் பிறகு, மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லும் பக்கத்து வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டு, கண்ணாடி இல்லாமல் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் தடுக்கிறாரோ, திருத்த வேண்டியது அந்த வரிதான்.