ஒரு சிற்றசையில் ஒரு பணிவு



நல்லம்பள்ளியிலிருந்து மருத்துவம் படிக்க ருஷ்ய நாட்டுக்குச் சென்றிருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, சில காலத்திற்கு முன் எனக்கு ஒரு கடிதத்தின் படியை அனுப்பி, "ஐயா, இதில் என்ன பிழை?" என்று கேட்டிருந்தாள். காய்ச்சலால் ஒரு தேர்வை எழுத இயலாமற்போன அவள், மறுபடியும் ஒரு நாள் குறித்துத் தருமாறு தன் பேராசிரியைக்கு எழுதிய கடிதம் அது. பேராசிரியையிடமிருந்து ஒரே வரியில் மறுமொழி வந்ததாம்: "யா வாம் நிச்செவோ நி தல்ஜ்னா." "நான் உனக்கு எதையும் செய்யக் கடமைப்பட்டவள் அல்லள்" என்பது அதன் பொருள். பணிவோடு எழுதிய கடிதத்திற்கு இத்தனை சினம் ஏன் என்று அவள் கலங்கினாள்.

இளமையில் சென்னையில் மாலை வகுப்புகளில் நான் அம்மொழியைக் கற்றவன். ஆகையால் பிழை உடனே கண்ணில் பட்டது. அவள் தமிழில் எண்ணியது: "தாங்கள் எனக்கு வேறொரு நாள் குறித்துத் தர வேண்டும்." நம் மொழியில் இது பணிவான வேண்டுகோளே. ஆனால் "வேண்டும்" என்ற சொல்லை அவள் "வி தல்ஜ்னீ" என்று ருஷ்ய மொழியில் ஆக்கிவிட்டாள். அது "நீங்கள் கடமைப்பட்டிருக்கிறீர்கள்" என்று பொருள்படும். கடன்காரரைப் பார்த்துச் சொல்லுவதற்கும் அதே சொல்தான். தமிழில் "வேண்டும்" என்னும் ஒரு சொல் விருப்பம், வேண்டுகோள், கடமை ஆகிய மூன்றையும் சுமந்து நிற்கிறது. ருஷ்ய மொழியில் இம்மூன்றுக்கும் மூன்று வழிகள் உண்டு. 1960ஆம் ஆண்டில் மாஸ்கோவில் பியாதிகோர்ஸ்கி, ரூதின் என்னும் இரு அறிஞர்கள் தொகுத்த தமிழ்–ருஷ்ய அகராதி வெளிவந்தது. எந்த அகராதியிலும் சொல்லுக்குச் சொல் கிடைக்கும். எந்த இடத்தில் எந்தச் சொல் பணிவாகும் என்பதை நாம்தான் கற்க வேண்டும்.

விருப்பத்தையும் வேண்டுகோளையும் மென்மையாகச் சொல்ல ருஷ்யர் கையாளும் கருவி "பி" என்னும் ஓரசைச் சொல். இதிலுள்ள பகரத்தைக் "கம்பம்" என்ற சொல்லில் வரும் பகரம்போல் ஒலிக்க வேண்டும். உயிரோ இகரத்திற்கும் உகரத்திற்கும் இடைப்பட்டது. இதற்குத் தனியே பொருள் இல்லை. வாக்கியத்தின் முதலில் இது வாராது. பெரும்பாலும் வினையை ஒட்டி வரும். "யா ஹச்சூ" என்றால் "எனக்கு வேண்டும்" என்பது. குழந்தை மிட்டாய் கேட்பதுபோன்ற நேரடியான பேச்சு. "யா ஹத்தேல் பி" என்றால் "விரும்புவேன், தாங்கள் இசைந்தால்" என்னும் குறிப்பு அதில் வந்துவிடுகிறது. தயங்கிக் கேட்பவரின் குரல் அது.

இங்கே "ஹத்தேல்" என்பது இறந்தகால வடிவம். இனிமேல் நடக்கவேண்டியதைக் கேட்கும்போது இறந்தகாலம் எதற்கு என்று நீங்கள் வியக்கலாம். தமிழை எண்ணிப் பாருங்கள். "மழை பெய்தால்" என்கிறோம். பெய்யாத மழையைப் பற்றிய பேச்சு. ஆயினும் வினை "பெய்த்" என்னும் இறந்தகால அடியிலிருந்தே பிறக்கிறது. "வந்தால்", "தந்தால்" என்பனவும் அப்படியே. நடந்தது என்று சொல்லாமல், நடந்ததாக மனத்தில் வைத்துப் பார்ப்பது இரு மொழிக்கும் பொதுவான வழக்கம். ஆகவே "பி" வந்த இடத்தில் அந்த வினை காலம் காட்டுவதை விட்டுவிடுகிறது என்று கொள்ளுங்கள். "யா பி பிரிஷோல்" என்பது நேற்றைப் பற்றிய பேச்சானால் "வந்திருப்பேன்" என்றும், நாளையைப் பற்றியதானால் "வருவேனே" என்றும் பொருள்படும். எது என்பதைச் சூழலே காட்டும்.

ஆனால் இந்த ஒற்றுமையை அளவுக்கு மீறி நம்பக்கூடாது. தமிழில் "ஆல்" வந்த இடமெல்லாம் ருஷ்ய மொழியில் "பி" வாராது. "நாளை மழை பெய்தால் வீட்டில் இருப்பேன்" என்பது நடக்கக்கூடிய செய்தி. அதற்கு ருஷ்யர் "பி" இன்றி எதிர்காலத்தையே சொல்லுவர். "மழை பெய்திருந்தால் வீட்டில் இருந்திருப்பேன்" என்பது நடவாத செய்தி. அங்கேதான் இரண்டு வினைகளோடும் "பி" சேரும்.

என் மாணவி செய்த இரண்டாவது பிழை இங்கே எழுகிறது. அவள் தன்னைப் பற்றி ஓரிடத்தில் "யா ஹத்தேல் பி" என்று எழுதியிருந்தாள். அது ஆண்மகன் சொல்ல வேண்டிய வடிவம். பெண் சொல்லும்போது "யா ஹத்தேலா பி" என்றே வர வேண்டும். தமிழில் "நான் விரும்பினேன்" என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். ஆகவே நமக்கு இது எளிதில் மறந்துபோகும். காரணம் தெரிந்தால் மறவாது. ருஷ்ய மொழியின் இவ்வடிவம் முற்காலத்தில் எச்சம் போன்ற ஒரு பெயர்த்தன்மையுள்ள சொல்லாக இருந்தது. நம் "விரும்பியவன்", "விரும்பியவள்" என்பவற்றுக்கு ஒப்பிடலாம். "பி" என்பதுவும் "இரு" என்று பொருள்படும் வினையின் பழைய வடிவமே. பெயர்போல் இருந்த சொல் பாலைக் காட்டியது. வினையாக மாறிய பின்னும் அப்பழக்கம் அதை விட்டு நீங்கவில்லை.

இனி, பிறரிடம் உதவி கேட்பதைப் பார்ப்போம். "நி மக்லீ பி வி பமோச்?" என்பது மிகப் பழக்கமான பணிமொழி. சொல்லுக்குச் சொல் எடுத்தால் "உங்களால் உதவ முடியாதோ?" என்றாகும். "நி" என்பது எதிர்மறை. தமிழ் மாணவர் இதை முதன்முதல் கேட்கும்போது, தம்மைக் குறைகூறுவதாக எண்ணி மருளுவதுண்டு. அது குறையன்று. "முடியாது என்று சொல்லவும் உங்களுக்கு இடம் உண்டு" என்று வழிவிட்டுக் கேட்பதே அதன் கருத்து. "வி" என்பது நம் "நீங்கள்" போல ஒருவரையும் மரியாதைப் பன்மையாற் சுட்டும் சொல். அதற்கேற்ப வினையும் "மக்லீ" என்று பன்மையில் நிற்கிறது.

எதிர்மறை வினா தமிழிலும் உண்டு. ஆனால் நாம் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறோம். எங்கள் நல்லம்பள்ளிப் பக்கத்தில் மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் உழவர், "ஒரு மழை பெய்யாதா!" என்பார். அது வினா அன்று, ஏக்கம். அதை அப்படியே ருஷ்ய மொழியில் எதிர்மறை வினாவாக்கினால், "மழை வராதா?" என்று வானிலைச் செய்தி கேட்பதாக முடியும். அங்கே சொல்ல வேண்டியது, "ஹோத் பி தோஷ்த் பஷோல்!" "தோஷ்த்" என்பது மழை. "பஷோல்" மறுபடியும் இறந்தகால வடிவமே. எதிர்மறை அதில் இல்லை. "ஹோத் பி" என்னும் தொடரே ஏக்கத்தைச் சுமக்கிறது. ஆகவே வேண்டுகோளில் நாம் எண்ணாத எதிர்மறையைச் சேர்க்க வேண்டும்; ஏக்கத்தில் நாம் எண்ணும் எதிர்மறையை நீக்க வேண்டும்.

அடுத்தது "ஷ்தோபி" என்னும் இணைப்புச் சொல். "ஷ்தோ" என்பது நம் "என்று" போன்றது. அதனோடு "பி" சேர்ந்து ஒரு சொல்லாயிற்று. விருப்பம் ஒருவருடையது, செயல் இன்னொருவருடையது என்றால் இச்சொல் வேண்டும். "நான் மருத்துவர் ஆக விரும்புகிறேன்" என்பதில் விரும்புபவரும் ஆகுபவரும் ஒருவரே. ஆகையால் "யா ஹச்சூ ஸ்தாத் வ்ரச்சோம்" என்று நம் "ஆக" போன்ற வடிவம் போதும். "நான் மருத்துவர் ஆக வேண்டும் என்று அம்மா விரும்புகிறார்" என்பதில் இருவர் வருகின்றனர். அப்போது, "மாமா ஹோச்செத், ஷ்தோபி யா ஸ்தாலா வ்ரச்சோம்." ருஷ்ய மொழியில் "மாமா" என்றால் அம்மா, நம் தாய்மாமனை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டா! "ஸ்தாலா" பெண்பால் இறந்தகால வடிவம். ஆகப்போவதைச் சொல்லுகிறோமே என்று எதிர்காலத்தை இட்டால் பிழை. "ஷ்தோபி" என்பதனுள் "பி" இருக்கிறது. "பி" கேட்பது இறந்தகால வடிவத்தையே. அவ்வாறே, உள்ளேயே "பி" இருப்பதால் அந்த வாக்கியப் பகுதியில் இன்னொரு "பி" சேர்க்கக் கூடாது.

"ஷ்தோ", "ஷ்தோபி" என்னும் இரண்டையும் மாற்றிவிட்டால் செய்தியே மாறிவிடும். "ஓன் ஸ்கஸால், ஷ்தோ பிராத் பிரிஷோல்" என்றால், "தம்பி வந்துவிட்டான் என்று அவர் சொன்னார்." "ஓன் ஸ்கஸால், ஷ்தோபி பிராத் பிரிஷோல்" என்றால், "தம்பியை வரச் சொன்னார்." மற்றச் சொற்கள் யாவும் ஒன்றே, ஓரசைதான் வேற்றுமை. முதல் வாக்கியத்தைக் கேட்டவர் நிம்மதியாக அமர்ந்திருக்கலாம். இரண்டாவதைக் கேட்டவர் தம்பியை எழுப்பி அனுப்ப வேண்டும். மொழிபெயர்க்குமுன் "இது செய்தியா, ஏவலா?" என்று தமிழ் வாக்கியத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். "வரச் சொன்னார்", "வரும்படி சொன்னார்", "வருமாறு கூறினார்" என்று மாற்றிச் சொல்ல முடியுமானால் அங்கே "ஷ்தோபி" வரும்.

இப்போது அம்மாணவியின் கடிதத்தைத் திருத்துவோம். முதல் வாக்கியம்: "யா ஹத்தேலா பி பப்ரசீத் வாஸ் அ போமஷ்ச்சி." அதாவது, "தங்களிடம் ஓர் உதவி கேட்க விரும்புகிறேன்." கேட்பவரும் விரும்புபவரும் அவளே, எனவே "ஷ்தோபி" தேவையில்லை. இரண்டாவது, கடிதத்தின் உயிர்: "நி மக்லீ பி வி நஸ்னாச்சித் ம்னே த்ருகோய் தேன்?" "எனக்கு வேறொரு நாள் குறிக்க இயலுமா?" என்பது கருத்து. "யா ஹச்சூ, ஷ்தோபி வி..." என்று தொடங்கி "நீங்கள் குறிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்" என்று எழுதினால் இலக்கணப் பிழை இராது, ஆனால் மாணவி ஆசிரியைக்கு இடும் கட்டளையாகிவிடும். இலக்கணம் சரியாயிருந்தும் மரியாதை தவறுவது இப்படித்தான்.

ஓர் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்கு முறையாக எழுதும் விண்ணப்பத்தில் ருஷ்யர் இத்தனை தயக்கம் காட்டுவதில்லை. "பிரஷூ" என்று தொடங்குவர். "கேட்டுக்கொள்கிறேன்" என்பது பொருள். நம் விடுப்பு விண்ணப்பத்தின் இறுதியில் வரும் சொல்லே அங்கே முதலில் வருகிறது, "பி" வேண்டுவதில்லை. ஆளை நோக்கிய கடிதத்திலும் பேச்சிலுமே "பி" தன் மென்மையைக் காட்டும்.

திருத்திய கடிதத்தை அவள் அனுப்பினாள். மூன்றாம் நாள் மறுமொழி வந்தது. அதில் ஒரு நாளும் நேரமும் மட்டும் குறிக்கப்பட்டிருந்தன.