பிழைப் பரவல்: சீரற்ற வளைவு முறையில் யங் குணகம் காணும் செய்முறை

பிழைப் பரவல் என்பது, நேரடியாக அளக்கப்பட்ட அளவுகளில் உள்ள பிழைகள், அவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் இறுதி விடைக்குள் எவ்வளவு சென்று சேர்கின்றன என்பதைக் கண்டறியும் முறையாகும். ஒரே செய்முறையில் மீட்டர் அளவுகோல், வெர்னியர் அளவி, திருகு அளவி, நகரும் நுண்ணோக்கி ஆகிய நான்கும் பயன்படும்போது, எந்தக் கருவியின் பிழை விடையை அதிகம் பாதிக்கிறது என்பது கருவியைப் பார்த்த அளவில் தெரிவதில்லை. வாய்பாட்டில் அந்த அளவு எந்த இடத்தில், எந்த அடுக்கில் வருகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது. மேல்நிலை, கல்லூரி இயற்பியல் ஆய்வகங்களில் செய்யப்படும் சீரற்ற வளைவுச் செய்முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

செய்முறையும் வாய்பாடும்

சீரான எஃகுச் சட்டம் ஒன்று இரண்டு கத்தி முனைகளின் மீது கிடையாக வைக்கப்படுகிறது. அதன் நடுவில் எடைத் தாங்கி தொங்கவிடப்பட்டு, அதே இடத்தில் ஓர் ஊசி செங்குத்தாகப் பொருத்தப்படுகிறது. எடை ஏற்றும்போது சட்டத்தின் நடுப்பகுதி கீழிறங்கும். ஊசி முனையை நகரும் நுண்ணோக்கியின் குறுக்குக் கம்பியோடு பொருத்தி இந்த இறக்கம் அளக்கப்படுகிறது. சட்டப் பொருளின் யங் குணகம்:

Y = M g l³ / (4 b d³ y)

இங்கு l என்பது கத்தி முனைகளுக்கு இடைப்பட்ட தொலைவு, b சட்டத்தின் அகலம், d அதன் தடிமன், y என்பது M நிறையால் ஏற்படும் இறக்கம்.

அளவீடுகள்

ஓர் அளவீட்டுத் தொகுப்பு பின்வருமாறு அமைந்தது எனக் கொள்வோம்.

- l = 70.0 ± 0.1 செ.மீ. (மீட்டர் அளவுகோல்)
- b = 2.54 ± 0.01 செ.மீ. (வெர்னியர் அளவி)
- d = 4.03 ± 0.01 மி.மீ. (திருகு அளவி)

தடிமனுக்குச் சட்டத்தின் ஐந்து இடங்களில் எடுத்த அளவுகள், சுழித் திருத்தத்திற்குப் பின், 4.02, 4.05, 4.01, 4.04, 4.03 மி.மீ. ஆகும். இவற்றின் சராசரி 4.03 மி.மீ. சராசரியிலிருந்து உள்ள விலகல்களின் சராசரி 0.012 மி.மீ. இது திருகு அளவியின் மீச்சிற்றளவான 0.01 மி.மீ.க்கு அருகில் இருப்பதால், பிழை ± 0.01 மி.மீ. என எடுக்கப்படுகிறது.

நுண்ணோக்கி அளவீடுகள் (எடை ஏற்றும்போதும் இறக்கும்போதும் எடுத்தவற்றின் சராசரி):

| கூடுதல் நிறை (கிராம்) | அளவீடு (மி.மீ.) |
|---|---|
| 0 | 68.42 |
| 100 | 68.17 |
| 200 | 67.90 |
| 300 | 67.66 |
| 400 | 67.39 |
| 500 | 67.14 |

இறக்கத்தை எடுக்கும் முறை

அடுத்தடுத்த அளவீடுகளைக் கழித்து, 0.25, 0.27, 0.24, 0.27, 0.25 எனும் ஐந்து வேறுபாடுகளின் சராசரியை எடுப்பது பலரும் செய்வது. ஆனால் இவற்றைக் கூட்டும்போது இடையிலுள்ள நான்கு அளவீடுகளும் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. எஞ்சுவது (68.42 − 67.14) / 5 = 0.256 மி.மீ. மட்டுமே. அதாவது முதல் அளவீடும் கடைசி அளவீடும் மட்டும் பயன்படுகின்றன. நடுவில் எடுத்த நான்கும் விடையில் எந்தப் பங்கும் பெறவில்லை.

இதைத் தவிர்க்க, 300 கிராம் இடைவெளியுள்ள இணைகள் எடுக்கப்படுகின்றன. 0 – 300 இணைக்கு 0.76, 100 – 400 இணைக்கு 0.78, 200 – 500 இணைக்கு 0.76 மி.மீ. கிடைக்கின்றன. ஆறு அளவீடுகளும் ஒவ்வொரு முறை பயன்படுகின்றன. சராசரி y = 0.767 மி.மீ., இதற்குரிய M = 0.300 கி.கி.

இந்த y நேரடி அளவீடு அன்று. இரண்டு அளவீடுகளின் வேறுபாடு. கழித்தலில் மதிப்புகள் கழிகின்றன, பிழைகள் கழிவதில்லை. நுண்ணோக்கியின் மீச்சிற்றளவு 0.01 மி.மீ. என்பதால், ஒவ்வொரு அளவீட்டிலும் ± 0.01 மி.மீ. இருக்க, வேறுபாட்டில் ± 0.02 மி.மீ. வரை பிழை இருக்கலாம். 68.42 எனும் அளவீட்டில் 0.01 என்பது மிகச் சிறியது. 0.767 எனும் சிறிய வேறுபாட்டில் 0.02 என்பது 2.6 விழுக்காடு.

விடையும் பெருமப் பிழையும்

ஈர்ப்பு முடுக்கத்திற்குச் சென்னைக்குரிய 9.78 மீ/வி² எனும் மதிப்பைப் பயன்படுத்தினால்,

Y = (0.300 × 9.78 × 0.343) / (4 × 0.0254 × 6.545 × 10⁻⁸ × 0.767 × 10⁻³) = 1.973 × 10¹¹ பாஸ்கல்.

பெருக்கலிலும் வகுத்தலிலும் ஒப்பீட்டுப் பிழைகள் கூடுகின்றன. அடுக்கில் உள்ள அளவின் ஒப்பீட்டுப் பிழை அந்த அடுக்கால் பெருக்கப்படுகிறது. வாய்பாட்டில் ஓர் அளவு கீழே இருப்பதால் அதன் பிழை கழிக்கப்படுவதில்லை.

ΔY/Y = 3 Δl/l + Δb/b + 3 Δd/d + Δy/y

| அளவு | விழுக்காட்டுப் பிழை | அடுக்கு | Y-இல் பங்கு |
|---|---|---|---|
| l | 0.14 | 3 | 0.43 |
| b | 0.39 | 1 | 0.39 |
| d | 0.25 | 3 | 0.74 |
| y | 2.61 | 1 | 2.61 |

மொத்தம் 4.17 விழுக்காடு. எனவே ΔY = 0.0417 × 1.973 × 10¹¹ = 0.08 × 10¹¹ பாஸ்கல். எடைகளின் நிறையில் உள்ள பிழை இவற்றோடு ஒப்பிடச் சிறியது எனக் கொண்டு விடப்பட்டுள்ளது.

பிழை நூற்றில் ஒரு பங்கு இடத்திலேயே தொடங்கிவிடுவதால், விடையில் அதற்கு அப்பாலுள்ள இலக்கங்களுக்குப் பொருள் இல்லை. 1.973 என்பது 1.97 எனச் சுருக்கப்படுகிறது:

Y = (1.97 ± 0.08) × 10¹¹ பாஸ்கல்

இருமடிகளின் கூட்டல் முறை

மேற்கண்ட கணக்கு, எல்லாப் பிழைகளும் ஒரே நேரத்தில் விடையை ஒரே பக்கமாகத் தள்ளுகின்றன என்று கொள்கிறது. நான்கு தனித்தனிக் கருவிகளில் அவ்வாறு நேர்வது அரிது. பிழைகள் ஒன்றையொன்று சாராத ஒழுங்கற்ற பிழைகள் எனில், பங்குகளின் இருமடிகளைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பதே பொருத்தமானது.

இம்முறையில் இரண்டு நுண்ணோக்கி அளவீடுகளின் வேறுபாட்டுக்குரிய பிழை 0.01 × √2 = 0.014 மி.மீ. மூன்று இணைகளின் சராசரிக்கு அது √3 ஆல் வகுபட்டு 0.008 மி.மீ. ஆகிறது, இது y-இல் 1.06 விழுக்காடு. ஆகவே,

ΔY/Y = √(0.43² + 0.39² + 0.74² + 1.06²) = 1.4 விழுக்காடு

Y = (1.97 ± 0.03) × 10¹¹ பாஸ்கல்

இங்கு அடிக்கடி நிகழும் தவறு ஒன்று உண்டு. d³ என்பது d × d × d என்பதால், மூன்று பிழைகளின் இருமடிகளைக் கூட்டி, √3 × 0.25 என எழுதுவோர் உள்ளனர். இது சரியன்று. மூன்று இடங்களிலும் இருப்பது அதே d, அதே பிழை. ஒன்று கூடினால் மூன்றும் கூடும். ஒன்றையொன்று ஈடுசெய்ய வழியில்லை. எனவே இம்முறையிலும் பெருக்க வேண்டியது 3 ஆல்தான்.

எம்முறையைப் பின்பற்றினாலும், அதைச் செய்முறைப் பதிவேட்டில் குறிப்பிட வேண்டும். ± 0.08, ± 0.03 ஆகிய இரண்டும் ஒரே அளவீடுகளிலிருந்து வந்தவையே. ஆனால் அவற்றின் பொருள் வேறு. முதலாவது விடை விலகக்கூடிய எல்லை, இரண்டாவது அது வழக்கமாக விலகும் அளவு.

கணக்கில் அகப்படாத பிழை

பிழைப் பரவல் வாய்பாடு, அதனுள் இடப்பட்ட பிழைகளை மட்டுமே விடைக்குக் கடத்தும். திருகு அளவியில் +0.05 மி.மீ. சுழிப் பிழை இருந்து, அதைக் கழிக்க மறந்துவிட்டதாகக் கொள்வோம். தடிமன் 4.08 மி.மீ. எனப் பதிவாகும். ஐந்து அளவுகளும் முன்போலவே ஒன்றோடொன்று நெருங்கி இருக்கும். எத்தனை முறை திரும்ப அளந்தாலும் ஐயம் எழாது. ஆனால் விடை 1.90 × 10¹¹ பாஸ்கலாகக் குறைந்துவிடும். இந்த மாற்றம் ± 0.03 எனும் எல்லையைப் போல இரு மடங்குக்கும் மேல். இத்தகைய முறையான பிழையைக் கண்டறிய நேரடியான வழி, அளக்கத் தொடங்குமுன் திருகு அளவியின் முகப்புகளை ஒன்றோடொன்று பொருத்திச் சுழிநிலையைப் பார்ப்பதே. எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 2.0 × 10¹¹ பாஸ்கல் என்பதோடு ஒப்பிடும்போது, கிடைத்த விடை பிழை எல்லைக்கு வெளியே வெகுதூரம் சென்றால், முதலில் சரிபார்க்க வேண்டியவற்றுள் இதுவும் ஒன்று.

நுண்ணோக்கித் திருகின் பின்னடைவுப் பிழையும் இவ்வகையைச் சேர்ந்தது. எடை ஏற்றும்போது எடுத்த அளவீடுகளும் இறக்கும்போது எடுத்தவையும் ஒரே பக்கமாகத் தொடர்ந்து வேறுபட்டால் இது இருக்கலாம். ஒவ்வொரு முறையும் ஊசி முனையை ஒரே திசையிலிருந்து அணுகினால் இது நீங்கும்.

எதைத் திருத்துவது

பங்குகளின் அட்டவணை, அடுத்த முறை எங்கு உழைக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறது. பெருமப் பிழையில் பாதிக்கு மேல் y-இலிருந்து வருகிறது. நீளத்தை இன்னும் நுட்பமாக அளந்து அதன் பிழையை முற்றிலும் நீக்கினாலும், 4.17 விழுக்காடு 3.74 ஆகத்தான் குறையும்.

மாறாக, கத்தி முனைகளை 90 செ.மீ. தொலைவுக்கு நகர்த்தினால், இறக்கம் l³-க்கு நேர்த்தகவில் இருப்பதால், அதே 300 கிராமுக்கு y ஏறத்தாழ 2.1 மடங்காகி 1.63 மி.மீ. ஆகும். நுண்ணோக்கி மாறவில்லை, ± 0.02 மாறவில்லை, ஆனால் y-இன் பங்கு 2.61-இலிருந்து 1.2 விழுக்காடாகக் குறைகிறது. எடையைக் கூட்டுவதாலும் இதே பயன் கிடைக்கும். இரண்டிற்கும் எல்லை உண்டு: இறக்கம் நீளத்தை விட மிகச் சிறியதாக இருக்கும்போதுதான் வாய்பாடு பொருந்தும், எடையை நீக்கியதும் ஊசி முனை தொடக்க நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் சட்டம் மீட்சி எல்லையைக் கடந்திருக்கலாம், அல்லது கத்தி முனையில் நழுவியிருக்கலாம். அந்த அளவீடுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.