ஏடு எதிரேறியதா என்று கேட்காத வகுப்பு

சமய வரலாற்று வகுப்பில் முதல் நாளே யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுவார்: "அதெல்லாம் சரி சார், கடைசியில் எந்த மதம்தான் உண்மை?" அதைச் சொல்வது என் வேலை இல்லை என்று ஆசிரியர் பதில் சொன்னால் வகுப்பின் முகம் வாடும். வம்பு எதற்கு என்று மனுஷன் நழுவுகிறார் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அது நழுவல் இல்லை என்று தமிழ் மாணவர்களுக்குப் புரியவைக்க வெளிநாடு போகவேண்டியதில்லை, மதுரையே போதும்.

பெரியபுராணம் சொல்லும் கதை பலருக்கும் தெரிந்ததே. சமணத்தில் இருந்த பாண்டிய மன்னனுக்கு வெப்புநோய் வருகிறது. சமணர்களால் தீர்க்க முடியாத நோயைத் திருஞானசம்பந்தர் திருநீற்றால் தீர்க்கிறார். அடுத்தது அனல்வாதம்: சமணர் தீயில் இட்ட ஏடு கருகுகிறது, சம்பந்தரின் ஏடு பச்சையாகவே இருக்கிறது. பிறகு புனல்வாதம். வைகை வெள்ளத்தில் சமணரின் ஏடு அடித்துக்கொண்டு போக, சம்பந்தரின் ஏடு நீரை எதிர்த்து மேலேறித் திருவேடகத்தில் நிற்கிறது. தோற்றால் கழுவேறுகிறோம் என்று சொல்லியிருந்த சமணர் எண்ணாயிரம் பேரும் கழுவேறுகிறார்கள்.

இந்தக் கதையில் மூன்று விதமான கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. ஏடு எதிரேறியது என்பது ஒன்று. அதனால் சிவனே முழுமுதற் கடவுள் என்பது இரண்டாவது. எண்ணாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள் என்பது மூன்றாவது. வரலாற்றாசிரியர் மூன்றையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

இரண்டாவதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு வாதத்துக்கு, ஏடு எதிரேறியதை நூறு பேர் பார்த்து அன்றைக்கே கல்லில் வெட்டிவைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தக் கல் சொல்வது ஏட்டைப் பற்றித்தான். ஏட்டிலிருந்து இறைவனுக்குத் தாவுவதற்கு நம்பிக்கை வேண்டும், அல்லது தத்துவம் வேண்டும். கல்வெட்டும் சுவடியும் காசும் அந்தத் தாவலுக்கு உதவா. வரலாற்றாசிரியர் தீர்ப்புச் சொல்லாததற்கு முதல் காரணம் பெருந்தன்மை அல்ல. கையில் உள்ள சான்று அவ்வளவு தூரம் எட்டாது என்பதுதான்.

முதல் கூற்று அவ்வளவு சுலபத்தில் விலகாது. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுதுகிறார். இடையில் சுமார் 500 ஆண்டுகள். சம்பந்தரின் பதிகங்களில் சமணரைச் சாடாத பதிகம் அபூர்வம். பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியும் அமைச்சர் குலச்சிறையாரும் அவர் பாட்டிலேயே வருகிறார்கள். ஆக, மதுரை அரண்மனையில் ஒரு சமயப் போட்டி நடந்தது என்பதற்கு அந்தக் காலத்துச் சான்று இருக்கிறது. ஆற்றில் நடந்த அற்புதத்தைப் பற்றி வரலாற்றாசிரியர் அதிகபட்சம் சொல்லக்கூடியது, இன்ன காலத்தில் இன்னார் இப்படி நம்பினார்கள் என்பதே.

மூன்றாவது கூற்றுக்கு வந்ததும் அவருடைய குரல் மாறிவிடுகிறது. இங்கே அவர் ஒதுங்குவதே இல்லை. கொலை நடந்ததா என்பது நம்பிக்கை சார்ந்த கேள்வி இல்லை. நடந்திருந்தால் தடயம் இருக்கலாம். சம்பந்தர் தம் பதிகங்களில் கழுவேற்றத்தைச் சொல்லவில்லை. சமணர் தரப்பு நூல்களிலும் அது இல்லை. சேக்கிழாருக்கு முன்பு நம்பியாண்டார் நம்பியின் பாடல்களில் வருகிறது. அதுவும் நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

அடுத்து மலைகளுக்குப் போகவேண்டும். மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிச் சமணர்மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இந்தச் சிற்பத்தைச் செய்வித்தவர் இன்னார், இன்ன பள்ளியைச் சேர்ந்தவர் என்கிற அளவில் சின்னச் சின்னக் குறிப்புகள். காலம் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. தெற்கே கழுகுமலையில் பாறை முகம் முழுக்க வரிசை வரிசையாகச் சமணச் சிற்பங்கள். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த இடத்துக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்னும் பெண் துறவிகளின் பெயர்களும் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் சமணம் பாண்டிய நாட்டில் வேரோடு அழிந்திருந்தால் இத்தனை பேர் எங்கிருந்து வந்தார்கள்?

இதை வைத்து, கழுவேற்றமே கட்டுக்கதை என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். சமணம் அழியவில்லை என்பதை மட்டுமே மலைகள் காட்டுகின்றன. ஒருவர்கூடக் கொல்லப்படவில்லை என்று அவை காட்டவில்லை. எண்ணாயிரம் என்ற எண்ணுக்குச் சமகாலச் சான்று இல்லை, பெருங்கொலையும் ஐயத்துக்குரியது. இவ்வளவுதான் சொல்லமுடியும்.

நம்பிக்கையுள்ள சைவ மாணவர் ஏடு ஏறியது என்று முடித்துக்கொள்வார். பகுத்தறிவு பேசும் மாணவர் எல்லாம் புளுகு என்று புத்தகத்தை மூடுவார். இருவருமே நல்ல கேள்வி ஒன்றைத் தவறவிடுகிறார்கள்: பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தக் கதையை இவ்வளவு விரிவாக ஏன் சொல்லவேண்டியிருந்தது? சோழ மன்னன் சமணக் காப்பியமான சீவகசிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான், அவனைத் திருப்பவே சேக்கிழார் தொண்டர் வரலாற்றைப் பாடினார் என்று சைவ மரபே சொல்கிறது. அப்படியானால், முடிந்துபோன பகையின் வெற்றி முழக்கமாக மட்டும் இந்தக் கதையைப் படிக்கமுடியாது. சமண நூல் அரசவையில் இன்னும் செல்வாக்கோடு இருந்த காலத்தில், அதற்கு எதிராக எழுந்த குரலாகவும் படிக்கலாம். எந்த மதம் உண்மை என்று தீர்ப்பெழுதி முடித்தவருக்கு இப்படித் தோண்டிப்பார்க்க ஏது அவசியம்?

தீர்ப்பை ஒத்திவைக்கும் இந்தப் பழக்கம் பல்கலைக்கழகங்களில் தானாக முளைத்ததல்ல. நெதர்லாந்தில் 1876-இல் வந்த உயர்கல்விச் சட்டம், கோட்பாட்டுப் பாடங்களைத் திருச்சபைகளிடம் விட்டுவிட்டு, அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயங்களின் வரலாற்றைச் சேர்த்தது. அடுத்த ஆண்டே லைடனில் கொர்னேலிஸ் டீலே அதற்கான பேராசிரியர் ஆனார். பாதிரியாரை உருவாக்குவது ஒரு வேலை, சமயத்தை ஆராய்வது வேறு வேலை என்று கணக்கு அங்கே பிரிந்தது.

இந்த ஒதுக்கத்துக்கும் எதிர்ப்பு உண்டு, அதை மாணவரிடம் மறைப்பது நியாயமில்லை. மனிதக் காரணங்களை மட்டுமே தேடுவேன் என்றால் கடவுள் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்ததாகாதா? சமூகவியலாளர் பீட்டர் பெர்கர் 1967-இல் தம் அணுகுமுறைக்கு 'முறையியல் நாத்திகம்' என்றே பெயர் வைத்தார். ஆளாக அவர் கிறித்தவர்தான். அந்தப் பெயரே ஒரு பக்கம் சாய்கிறது என்று கருதிய நினியன் ஸ்மார்ட், உண்டு இல்லை என்று எதுவும் சொல்லாத 'முறையியல் அறியொணாவாதம்' போதும் என்றார். சச்சரவு இன்னும் தீரவில்லை. எதற்கும் மனிதக் காரணம் மட்டுமே தேடும் விளக்கம், நம்புகிறவர் காதில் மறுப்பாகத்தான் விழும் என்பதில் உண்மை இருக்கிறது.

முதல் பயிற்சியாக மாணவர்களிடம் மூன்று தாள்களைக் கொடுக்கலாம்: சம்பந்தர் பதிகம் ஒன்று, கழுகுமலைக் கல்வெட்டு ஒன்று, பெரியபுராணப் பகுதி ஒன்று. கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலிருந்தும் என்ன தெரிகிறது என்று எழுதவேண்டும். பிழைகள் இரண்டு திசையில் வரும். "சம்பந்தரின் ஏடு எதிரேறியது" என்று சிலர் எழுதுவார்கள். 'என்கிறார் சேக்கிழார்' விட்டுப்போயிருக்கும். "மூடநம்பிக்கையைப் பரப்பச் சேக்கிழார் புனைந்தார்" என்று வேறு சிலர் எழுதுவார்கள். அவருடைய உள்நோக்கத்துக்கு எந்தத் தாளில் சான்று என்று ஓரத்தில் சிவப்பு மை கேட்கும். இரண்டுக்கும் குறையும் மதிப்பெண் ஒன்றேதான். மூன்று தாள்களையும் வைத்துக்கொண்டு கழுகுமலைக் குரத்தியரைப் பற்றி நாலு வரி எழுதியவருக்குத்தான் கூடுதல் மதிப்பெண்.