இறங்கும்போது வாங்கும் உத்தியை எப்போது நிறுத்துவது?

நிஃப்டி தொடர்ந்து 3 நாள் இறங்கினால் வாங்கு, விலை திரும்பியதும் விற்றுவிடு. பலர் கையாளும் எளிய உத்தி இது. சந்தை நிதானமாக ஏறும் காலத்தில் இது நன்றாகவே பலன் தரும். ஏனென்றால் அப்போது வரும் இறக்கங்கள் சிறியவை, சில நாட்களில் விலை மீண்டுவிடும். சந்தையின் போக்கே மாறிவிட்டால் கதை வேறு. வாங்கிய விலைக்குக் கீழே இன்னொரு பள்ளம், அதற்குக் கீழே இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் அனுபவமுள்ளவர்கள் உத்திக்கு முன்னால் ஒரு சுவிட்சைப் பொருத்துகிறார்கள். அது இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. சந்தை எந்தத் திசையில் போகிறது? எவ்வளவு கொந்தளிப்பாக இருக்கிறது?

திசையைச் சொல்வது 200 நாள் சராசரி. கணினி அட்டவணையில் B பத்தியில் தினசரி முடிவு விலைகளை, பழையது மேலே இருக்கும்படி நிரப்பி, 201-ஆம் வரிசையில் `=AVERAGE(B2:B201)` என்று எழுதிக் கீழே இழுத்தால் போதும். முடிவு விலை அந்தச் சராசரிக்கு மேலே இருந்தால் ஏறுமுகம், கீழே இருந்தால் இறங்குமுகம்.

கொந்தளிப்பைச் சொல்வது, தேசியப் பங்குச் சந்தை வெளியிடும் இந்தியா விக்ஸ். நிஃப்டி ஆப்ஷன்களின் விலையிலிருந்து கணக்கிடப்படும் இந்த எண், அடுத்த 30 நாட்களில் சந்தை எவ்வளவு ஆடும் என்று வர்த்தகர்கள் எதிர்பார்ப்பதை ஆண்டுக் கணக்கில் காட்டுகிறது. அதை 16-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கான அளவு தோராயமாகக் கிடைக்கும். விக்ஸ் 16 என்றால் நாளுக்கு 1 சதவீத ஆட்டம், 80 என்றால் 5 சதவீதம்.

விதி இப்படி இருக்கட்டும்: நிஃப்டி 200 நாள் சராசரிக்குக் கீழே முடிந்தாலோ, விக்ஸ் 25-ஐத் தாண்டினாலோ உத்தியை அணைத்து, கையிருப்பை மறுநாள் விற்றுவிட வேண்டும். சராசரிக்கு மேலே நிஃப்டியும், தொடர்ந்து 5 நாள் 20-க்குக் கீழே விக்ஸும் இருந்தால்தான் மறுபடி இயக்க வேண்டும். அணைக்க 25, இயக்க 20 என்று இடைவெளி விடுவதற்குக் காரணம் உண்டு. இரண்டுக்கும் ஒரே எண்ணை வைத்தால், விக்ஸ் அதைச் சுற்றி ஊசலாடும் நாட்களில் சுவிட்சும் தினம் ஆடும்; தரகுச் செலவே லாபத்தைத் தின்றுவிடும்.

2020-இல் இந்த விதி என்ன செய்திருக்கும்? ஜனவரியில் 12,362 வரை போய் முடிந்த நிஃப்டி, பிப்ரவரி இறுதியில் 200 நாள் சராசரியை உடைத்து, பிப்ரவரி 28 அன்று 11,201-இல் முடிந்தது. முதல் எச்சரிக்கை சராசரியிலிருந்துதான் வந்தது; விக்ஸ் அன்று 25-ஐ எட்டவில்லை. ஏற்கெனவே 9 சதவீதம் போயிருந்தது, அதை எந்த வடிகட்டியும் காப்பாற்றவில்லை. ஆனால் மார்ச் 23 அன்று ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்து நிஃப்டி 7,610-இல் முடிந்தது. பிப்ரவரி 28-இன் விலையில் ஒரு லாட் ஃபியூச்சர்ஸை, அதாவது அப்போதைய 75 எண்ணிக்கையை, வாங்கி வைத்திருந்தவருக்கு நஷ்டம் ஏறத்தாழ ரூ.2.7 லட்சம். மறுநாள் விக்ஸ் 80-ஐத் தாண்டியது.

திரும்பி வரும் வழிதான் கசப்பானது. ஜூலையில் நிஃப்டி 11,000-ஐ ஒட்டிச் சராசரியைக் கடந்தபோதும் விக்ஸ் 20-க்கு மேலேயே இருந்தது. அது அடங்க ஆகஸ்டு பிற்பகுதி ஆனது. அதற்குள் நிஃப்டி 11,300-ஐத் தாண்டிவிட்டது. ஆக, வெளியேறிய விலைக்குச் சற்று மேலேதான் மறுபடி நுழைய முடிந்திருக்கும். இந்த சுவிட்ச் கூடுதல் லாபம் எதையும் தரவில்லை. நடுவில் இருந்த பள்ளத்தில் மார்ஜின் தீர்ந்து, கட்டாயமாக வெளியேற்றப்படாமல் காத்தது. கடன் வாங்கியோ ஃபியூச்சர்ஸிலோ வர்த்தகம் செய்பவருக்கு அதுவே பெரிய விஷயம்.

சுவிட்ச் ஏமாந்த நாளும் உண்டு. 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884-இல் முடிந்தது, விக்ஸ் 25-ஐத் தாண்டியது. விதிப்படி மறுநாள் காலை 22,100-ஐ ஒட்டி விற்றிருக்க வேண்டும். அன்றே விக்ஸ் 20-க்குக் கீழே இறங்கிவிட்டது. 5 நாள் காத்திருந்து திரும்பியபோது நிஃப்டி 23,200-க்கு மேலே. சுமார் 5 சதவீதம் கைநழுவியது.

இத்தனைக்கும் அன்று 200 நாள் சராசரி உடையவே இல்லை. அதனால் சிலர் வேலையைப் பிரித்துக்கொடுக்கிறார்கள்: விக்ஸ் ஏறினால் புதிதாக வாங்குவதை மட்டும் நிறுத்துவது, சராசரி உடைந்தால்தான் கையிருப்பை விற்பது. இது நியாயமான திருத்தமாகவே தோன்றுகிறது. ஆனால் ஒரே ஒரு நாளைப் பார்த்து விதியை வளைத்தோமோ என்ற சந்தேகமும் எழ வேண்டும். 6,287-இலிருந்து 2,524-க்கு நிஃப்டி மாதக்கணக்கில் சரிந்த 2008-இலும் அதை ஓட்டிப் பார்ப்பது ஒரு சோதனை. சராசரியை 180 நாள், 220 நாள் என்றும், விக்ஸ் வரம்பை 23, 27 என்றும் மாற்றிப் பார்ப்பது இன்னொன்று. 200-க்கும் 25-க்கும் மட்டும் நன்றாக வந்து, பக்கத்து எண்களில் முடிவு தலைகீழானால், அந்த விதி பழைய விலைப்பட்டியலை மனப்பாடம் செய்திருக்கிறது என்று பொருள்.